இன்டர்வியூ நடுவில் நெட் போனால் யார் யாரைக் கூப்பிடுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆள் எடுக்கும் வேலையில் இருக்கிறேன், வீடு கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைப் பக்கம். சென்னை, கோயம்புத்தூர், திருவனந்தபுரம் கம்பெனிகளுக்கு ஆன்லைன் இன்டர்வியூ ஏற்பாடு செய்துகொடுப்பது என் தினசரி வேலை. ஊர்ப் பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே ஒரே இடத்தில் போட்டுவிடுகிறேன்.

"அக்கா, இன்டர்வியூவுக்கு வருகிறேன் என்று மெயில் போடும்போது, நெட் போனால் என்ன செய்வது என்றும் ஒரு வரி போடச் சொல்கிறீர்கள். அதில் என்னதான் எழுத வேண்டும்?"

நாலு விஷயம் இருந்தால் போதும்: எந்த நம்பர், யார் கூப்பிட வேண்டும், எத்தனை நிமிடம் பார்த்துவிட்டுக் கூப்பிட வேண்டும், கூப்பிட்ட பிறகு பேச்சு எப்படித் தொடரும். பலர் நம்பரை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். நம்பர் ஏற்கனவே பயோடேட்டாவில் இருக்கிறது, அதை இன்னொரு தடவை எழுதுவதால் புதிதாக எதுவும் தெரிவதில்லை. நெட் போன அந்த நிமிடத்தில் இரண்டு பக்கமும் "அவர் கூப்பிடுவார்" என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் இதில் நடக்கும் பெரிய கோளாறு, அதைத் தடுக்கத்தான் இந்த வரியே. இப்படி எழுதலாம்:

"செவ்வாய் காலை 11 மணிக்கு வந்துவிடுகிறேன். நடுவில் இணையம் துண்டிக்கப்பட்டால் 3 நிமிடத்துக்குள் அதே லிங்க்கில் திரும்ப வர முயல்வேன். அதற்குள் வரவில்லை என்றால் +91 9xxxx xxxxx என்ற எண்ணுக்குச் சாதாரண போன் அழைப்பாக அழையுங்கள், விட்ட இடத்திலிருந்து குரல் வழியே தொடரலாம். எந்த எண்ணிலிருந்து அழைப்பீர்கள் என்று முன்பே சொன்னால் அதைப் பதிந்துவைத்துக்கொள்வேன்."

ஆங்கிலத்தில் எழுதினாலும் இதே வரிசைதான். வெளிநாட்டிலிருந்து பேசுகிறார்கள் என்றால் +91 கட்டாயம் வேண்டும். நம்பரைப் படமாகவோ, கையெழுத்துக்குக் கீழே சின்ன எழுத்திலோ வைக்காதீர்கள். செல்போனில் மெயிலைத் திறந்தவர் விரலால் தொட்டால் டயல் ஆகிற மாதிரி, வரிக்கு நடுவிலேயே வெறும் எழுத்தாக இருக்கட்டும்.

"நெட் சரியில்லை என்று நானே முன்கூட்டிச் சொன்னால், இவனுக்கு வீட்டிலிருந்து வேலை செய்யவே முடியாது என்று நினைத்துவிட மாட்டார்களா?"

எழுதும் விதத்தில்தான் இருக்கிறது. "எங்கள் ஊரில் நெட் ரொம்ப மோசம், அடிக்கடி போகும், மன்னிக்கவும், தயவுசெய்து தவறாக நினைக்க வேண்டாம்" என்று நாலு வரி புலம்பினால் நினைக்கத்தான் செய்வார்கள். மேலே உள்ள மாதிரியில் ஊரைக் குறை சொல்லும் பேச்சே இல்லை, மன்னிப்பும் இல்லை. "துண்டிக்கப்பட்டால்" என்று ஒரு சொல், அதற்கு அடுத்து ஏற்பாடு, அவ்வளவுதான். பெங்களூரில் நல்ல நெட் வைத்திருப்பவர்களும் இதை எழுதுகிறார்கள்.

வேலையே முழுக்க வீட்டிலிருந்து செய்வது என்றால் அந்தக் கேள்வி எப்படியும் வரும். அப்போது இன்டர்வியூ நாளுக்கான ஏற்பாடு ஒன்று, வேலையில் சேர்ந்த பிறகு இரண்டாவது இணைப்பு போடுவது வேறொன்று என்று பிரித்துச் சொல்லிவிடுங்கள். இரண்டையும் இந்த ஒரு வரிக்குள் திணிக்க வேண்டாம்.

ஆள் எடுக்கும் எங்களுக்கு உண்மையிலேயே இருக்கும் சந்தேகம் வேறு. வேறு ஆளை உட்காரவைத்துப் பேசவைப்பது, பக்கத்தில் ஒருவர் பதில் சொல்லிக்கொடுப்பது எல்லாம் நடக்கிறது. அதனால் கடினமான கேள்வி வந்த நேரத்தில் சரியாக வீடியோ நின்றுபோனால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். முன்பே வரி எழுதி, ஆரம்பத்தில் ஐந்து நிமிடமாவது முகம் காட்டிப் பேசிவிட்டால், பிறகு குரலுக்கு மாறினாலும் யாரும் கண்ணைச் சுருக்குவதில்லை. முடிந்தால் போனில் பேசி முடித்த பிறகு "நெட் வந்ததும் இரண்டு நிமிடம் வீடியோவில் வருகிறேன்" என்று நீங்களாகச் சொல்லுங்கள்.

"மெயில் போட்டாச்சு. ஆனால் நெட் போனபோது இன்டர்வியூ எடுத்தவருக்கு என் நம்பரே தெரியவில்லை. ஏன்?"

மெயில் படித்தவர் ஒருவர், இன்டர்வியூ எடுப்பவர் வேறொருவர். உங்களோடு மெயிலில் பேசுவது எச்.ஆர்., எதிரே உட்காருவது அந்தக் குழுவின் லீடோ மேனேஜரோ. அவருக்கு வருவது காலெண்டர் இன்வைட் மட்டும்தான், பயோடேட்டாவைக்கூட அதிலிருந்துதான் திறப்பார். ஆகவே மெயிலின் கடைசியில் "இந்த எண்ணை இன்வைட்டிலும் சேர்த்துவிட முடியுமா" என்று எச்.ஆரிடம் கேளுங்கள், பெரும்பாலும் சேர்த்துவிடுவார்கள்.

அதோடு நிற்காமல், இணைந்த முதல் நிமிடத்திலேயே வாயால் சொல்லிவிட்டு நம்பரை மீட்டிங் சாட்டில் போட்டுவிடுங்கள். "சார், நெட் போனால் மூன்று நிமிடம் பாருங்கள், வராவிட்டால் சாட்டில் உள்ள நம்பருக்குக் கூப்பிடுங்கள்." பத்து நொடி ஆகும். நீங்கள் காணாமல் போன பிறகும் அவர் மீட்டிங்கில்தான் இருப்பார், சாட் அவர் கண் முன்னாலேயே திறந்திருக்கும். மெயிலைத் தேடிப் போகிற வேலை அவருக்கு இருக்காது.

"எனக்கு இரண்டு சிம் இருக்கு. ஒன்றில் டேட்டா, இன்னொன்று பேசுவதற்கு. ஹாட்ஸ்பாட் போட்டுத்தான் லேப்டாப்பில் உட்காருவேன். எந்த நம்பரைக் கொடுப்பது?"

கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டிய கேள்வி இதுதான், ஏனென்றால் பாதிப் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

ஒரே போனில் இரண்டு சிம் இருந்தாலும், பெரும்பாலான போன்களில் ஒரு நேரத்தில் ஒரு சிம்தான் முழுதாக வேலை செய்யும். முதல் சிம்மில் யாராவது பேசினால், அந்தப் பேச்சு முடியும் வரை இரண்டாவது சிம்மின் டேட்டா நின்றுவிடும். இன்டர்வியூ நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கும்போது முதல் சிம்முக்கு லோன் வேண்டுமா என்று ஒரு அழைப்பு வருகிறது, கை தவறி எடுத்துவிடுகிறீர்கள், ஹாட்ஸ்பாட் படுத்துவிடும். சில போன்களில் அழைப்பு நடக்கும்போது டேட்டாவை மற்ற சிம்முக்கு மாற்றிக்கொள்ள ஒரு செட்டிங் உண்டு, சிம் பகுதியில் தேடிப் பாருங்கள். ஆனால் அந்த இன்னொரு சிம்மிலும் பேலன்ஸும் டேட்டாவும் இருந்தால்தான் பயன்.

ஒரே சிம் என்றாலும் ஒரு சங்கதி இருக்கிறது. அழைப்பு வோல்ட்டியில், அதாவது 4ஜி வழியாக வந்தால் பேசிக்கொண்டே டேட்டாவும் ஓடும். வோல்ட்டி அணைந்திருந்தாலோ அந்த இடத்தில் 4ஜி மெலிந்திருந்தாலோ, ஏர்டெல், வி.ஐ. போன்றவற்றில் போன் பேச்சுக்காக 2ஜிக்கு இறங்கிவிடும், டேட்டா கிட்டத்தட்ட நின்றுபோகும். ஜியோவுக்கு 2ஜியே கிடையாது, அதில் 4ஜி இல்லாத இடத்தில் அழைப்பும் இல்லை. ஆக, ரப்பர் விளைக்கு நடுவில் வீடு, 4ஜி ஒரு கோடுதான் காட்டுகிறது என்றால், ஜியோ நம்பரை மட்டும் மாற்று நம்பராகக் கொடுப்பதில் அர்த்தம் இல்லை. டேட்டா போகும் அதே நேரத்தில் அழைப்பும் போய்விடும்.

நான் சொல்வது: டேட்டா ஒரு போனில், மாற்று நம்பர் இன்னொரு போனில், அதுவும் வேறு கம்பெனி சிம்மில். அம்மாவின் போனோ தம்பியின் போனோ அந்த ஒரு மணி நேரம் உங்கள் மேசையில் இருக்கட்டும். அது பட்டன் போனாக இருந்தாலும் சரிதான், சொல்லப்போனால் இன்னும் நல்லது, அதில் வேறு எந்த ஆப்பும் குறுக்கே வராது. அடுத்தவர் நம்பரைக் கொடுப்பதாக இருந்தால் மெயிலில் "இது இன்டர்வியூ நேரத்தில் என் கையில் இருக்கும் எண்" என்று ஒரு வார்த்தை சேர்த்துவிடுங்கள், ட்ரூகாலரில் வேறு பெயர் வந்தால் அவர்கள் குழம்ப மாட்டார்கள்.

எந்த சிம் எங்கே எடுக்கிறது என்பதை வரைபடம் பார்த்துத் தீர்மானிக்காதீர்கள். களியக்காவிளைப் பக்கம் கேரள டவர் பிடிக்கும், அதற்குத் தனிக் கட்டணம் எதுவும் இல்லை, பயப்பட வேண்டாம். பேச்சிப்பாறை, கீரிப்பாறைப் பக்கம் மலை மறைப்பதால் ஒரே வீட்டில் முற்றத்தில் எடுக்கிற சிம் உள் அறையில் எடுக்காது. நீங்கள் உட்காரப்போகும் அதே நாற்காலியில் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு, ஒருவரைக் கூப்பிடச் சொல்லி ஐந்து நிமிடம் பேசிப் பார்ப்பதுதான் பரிசோதனை.

"வீடியோவுக்கு நெட் இல்லாத இடத்தில் போன் மட்டும் எப்படி எடுக்கும்? இரண்டும் ஒரே டவர்தானே?"

ஒரே டவர்தான், ஆனால் தேவை வேறு. ஜூமில் இருவர் பேசும் வீடியோவுக்கு நொடிக்கு 600 கிலோபிட் வேண்டும், வெறும் குரலுக்கே 60 முதல் 80 வரை. வோல்ட்டியில் வரும் சாதாரண அழைப்புக்கு சுமார் 24 கிலோபிட்டே போதும், அதோடு டவர் அதற்கென்று தனி வழி ஒதுக்கி முன்னுரிமை கொடுக்கிறது. பக்கத்து வீட்டுப் பையன்கள் பத்துப் பேர் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தாலும் உங்கள் போன் பேச்சு ஓடும், ஜூம் திக்கும். அதனால்தான் "போனுக்கு மாறலாம்" என்று முன்கூட்டியே எழுதிவைப்பதில் பொருள் இருக்கிறது.

முழுசாகப் போவதற்கு முன்னால் ஒரு நடுப்படியும் உண்டு. குரல் விட்டு விட்டு வர ஆரம்பித்தால் உடனே மீட்டிங்கை விட்டு வெளியே வராதீர்கள். "வீடியோவை அணைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அணையுங்கள், பாதி நேரம் அதிலேயே சரியாகிவிடும்.

"வாட்ஸ்அப் காலில் கூப்பிடச் சொன்னால் போதாதா?"

போதாது. வாட்ஸ்அப்பும் அதே நெட்டில்தான் வருகிறது. வீட்டு ஃபைபர் மட்டும் போய் செல்போன் டேட்டா நன்றாக இருந்தால் வாட்ஸ்அப் ஓடும், சரி. ஆனால் அந்த நிலைமையில் நீங்கள் ஹாட்ஸ்பாட் போட்டு மீட்டிங்குக்கே திரும்பிவிடலாமே. "சாதாரண போன் அழைப்பாக" என்று மெயிலில் எழுதச் சொன்னது இதற்காகத்தான், எழுதாவிட்டால் இன்றைக்குப் பலர் கை தானாக வாட்ஸ்அப்புக்குத்தான் போகும்.

"மீட்டிங் இன்வைட்டிலேயே ஒரு போன் நம்பரும் பின்னும் இருக்கிறதே. அதுக்கு நான் கூப்பிட்டால் வேலை முடிந்ததல்லவா?"

இந்திய நம்பராக இருந்தால் முடிந்தது, நல்ல வழியும்கூட. அந்த நம்பருக்கு டயல் செய்து, கேட்கும்போது மீட்டிங் எண்ணையோ பின்னையோ அடித்து `#` அழுத்தினால் சாதாரண அழைப்பிலிருந்தே மீட்டிங்குக்குள் குரலாகப் போய்விடுவீர்கள். ஜூம், மீட், டீம்ஸ் மூன்றிலும் குரலை மூடவும் திறக்கவும் `*6`. உள்ளே போனபிறகு யாரும் நீங்கள் பேசுவதைக் கேட்கவில்லை என்றால் முதலில் அதை அழுத்திப் பாருங்கள். இருவர் மூவர் சேர்ந்து இன்டர்வியூ எடுக்கும்போது இதுதான் சிறந்தது, ஏனென்றால் அவர்கள் எல்லோரும் மீட்டிங்கிலேயே இருக்கலாம்.

ஆனால் பல இன்வைட்டில் இருப்பது +1 என்று தொடங்கும் அமெரிக்க நம்பர். சாதாரண ப்ரீபெய்டு திட்டத்தில் அதற்குக் கூப்பிட்டால் போகாது, ஐ.எஸ்.டி. தனியாகப் போட வேண்டும், போட்டாலும் நிமிடக் கணக்கில் காசு கரையும். சில கம்பெனிகளில் போன் வழி நுழைவே கொடுத்திருக்க மாட்டார்கள். அதனால் இன்வைட் வந்ததும் கீழே இறக்கிப் பாருங்கள். +91 இருந்தால் அந்த நம்பரையும் பின்னையும் ஒரு தாளில் பேனாவால் எழுதி மேசையில் ஒட்டிவையுங்கள், நெட் போன பிறகு மெயிலைத் திறக்க முடியாமல் முழிப்பதற்கு இது மேல். +1 மட்டும் இருந்தால் அவர்கள் உங்களைக் கூப்பிடும் ஏற்பாடே போதும்.

"மூன்று நிமிடம் என்று ஏன் சொல்கிறீர்கள்? அவர்கள் கூப்பிடவே இல்லை என்றால் நான் கூப்பிடலாமா?"

மூன்று நிமிடம் என்பது ஒரு வைஃபை ரவுட்டர் அணைந்து திரும்ப எழுந்து நிற்க ஆகும் நேரம், அல்லது லேப்டாப்பை ஹாட்ஸ்பாட்டுக்கு மாற்றி லிங்க்கை மறுபடி திறக்க ஆகும் நேரம். ஒரு நிமிடம் என்று எழுதினால் நீங்கள் பாதி வழியில் இருக்கும்போதே போன் அடிக்கும். பத்து நிமிடம் என்று எழுதினால் அவர் அடுத்த வேலைக்குப் போய்விடுவார், முப்பது நிமிட இன்டர்வியூவில் பத்து நிமிடம் போனால் என்ன மிஞ்சும்?

கூப்பிட வேண்டியவர் அவர் என்று எழுதிவிட்டீர்கள் என்றால் அந்த மூன்று நிமிடமும், அதற்கு மேல் இரண்டு நிமிடமும் நீங்கள் கூப்பிடக் கூடாது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் டயல் செய்தால் இரண்டு பக்கமும் பிஸி என்று வரும், பிறகு இரண்டு பேரும் காத்திருப்பார்கள், பிறகு இரண்டு பேரும் மறுபடி டயல் செய்வார்கள். பார்க்கச் சிரிப்பாக இருக்கும், மாட்டிக்கொண்டவருக்கு இருக்காது. ஐந்து நிமிடமும் தாண்டிவிட்டால் எச்.ஆருக்கு ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். எஸ்.எம்.எஸ்ஸுக்கு டேட்டா தேவையில்லை, ஒரு கோடு சிக்னலிலும் போய்ச் சேரும். "11.20க்கு இணையம் துண்டிக்கப்பட்டது, இந்த எண்ணில் காத்திருக்கிறேன்" என்று முன்பே அடித்து டிராஃப்டில் வைத்துக்கொண்டால், பதற்றத்தில் நேரத்தை மட்டும் மாற்றினால் போதும். அதற்கு அப்புறம் எச்.ஆரைக் கூப்பிடலாம், அதற்கு அவர் நம்பரும் தாளில் இருக்க வேண்டும்.

"கூப்பிட்டோம், நீங்கள் எடுக்கவில்லை என்கிறார்கள். எனக்கு ரிங்கே வரவில்லை. பொய் சொல்கிறார்களா?"

பெரும்பாலும் இல்லை. கம்பெனி போர்டு லைனிலிருந்து கூப்பிட்டால் உங்கள் திரையில் 044, 0422, 080 அல்லது திருவனந்தபுரம் டெக்னோபார்க் கம்பெனி என்றால் 0471 என்று லேண்ட்லைன் நம்பர் வரும். ஸ்பேம் தடுக்கும் ஆப் அதைச் சத்தமில்லாமல் ஒதுக்கிவிடலாம். ஐபோனில் தெரியாத நம்பர்களை மௌனமாக்கும் செட்டிங் இருக்கிறது, அது போட்டிருந்தால் ரிங் வராது. இன்டர்வியூ நடக்கும்போது தொந்தரவு வேண்டாம் என்று டூ நாட் டிஸ்டர்ப் போடுபவர்களும் இதே குழியில்தான் விழுகிறார்கள்.

அதனால்தான் எந்த நம்பரிலிருந்து கூப்பிடுவீர்கள் என்று மெயிலில் கேட்கச் சொல்கிறேன். சொன்னார்கள் என்றால் பதிந்துவைத்து, அந்த நம்பரை மட்டும் ஃபேவரைட்டில் போட்டு, மற்றதெல்லாம் அடங்கியிருக்கும்படி வைக்கலாம். சொல்லவில்லை என்றால் அந்த ஒரு மணி நேரத்துக்கு மாற்று போனில் எல்லாத் தடுப்பையும் எடுத்துவிடுங்கள். போர்டு லைனிலிருந்து வந்து நீங்கள் தவறவிட்ட அழைப்புக்குத் திரும்பக் கூப்பிட்டால் பெரும்பாலும் ரிசப்ஷனுக்கோ "எக்ஸ்டென்ஷனை அழுத்தவும்" என்ற பதிவுக்குரலுக்கோதான் போகும், இன்டர்வியூ எடுத்தவருக்குப் போகாது.

இன்னொரு காரணமும் உண்டு, கண்ணுக்குத் தெரியாது. போன் வீட்டு வைஃபையில் இணைந்திருக்கிறது, வைஃபை காலிங் போட்டிருக்கிறது, ஃபைபர் அறுந்துவிட்டது, ஆனால் ரவுட்டர் மட்டும் உயிரோடு இருக்கிறது. போன் தான் வைஃபையில் நன்றாக இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும், டவருக்குத் திரும்பக் கொஞ்ச நேரம் எடுக்கும், அந்த இடைவெளியில் வந்த அழைப்பு போய்விடும். மாற்று நம்பர் இருக்கும் போனில் அன்றைக்கு வைஃபையையே அணைத்துவிடுங்கள்.

"கரண்ட் போனால்தான் எங்கள் வீட்டில் நெட் போகிறது. அதுக்கும் இந்த வரி போதுமா?"

வரி போதும், ஆனால் கரண்டால் போகிற நெட்டை வரி இல்லாமலே காப்பாற்றலாம். ஃபைபர் கம்பிக்குக் கரண்ட் தேவையில்லை, சுவரில் மாட்டியிருக்கும் பெட்டிக்குத்தான் தேவை. அதற்கென்று 12 வோல்ட் சின்ன யு.பி.எஸ். கடையில் கிடைக்கிறது, ரவுட்டரை மட்டும் சில மணி நேரம் ஓட்டும். வாங்கும்போது உங்கள் பெட்டியின் அடாப்டரில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று பார்த்து அதற்கு ஒத்ததை வாங்குங்கள். ஏரியாவே இருண்டுபோனால் கேபிள்காரர் பக்கத்து மெஷினும் படுத்துவிடலாம், அப்போது இதுவும் உதவாது, போன்தான்.

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணியிலிருந்து மின்தடை என்று துணை மின்நிலையம் வாரியாகப் பேப்பரில் போடுவார்கள். இன்டர்வியூ தேதி சொன்னதும் அதைப் பாருங்கள், அன்றைக்கு உங்கள் ஏரியா இருந்தால் உடனே வேறு நேரம் கேளுங்கள். இரண்டு நாள் முன்னால் கேட்டால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழை வேறு. ஆனி ஆடியில் காற்றும் சாரலும், ஐப்பசி கார்த்திகையில் இடியோடு மழை, ரப்பர் கொம்பு கம்பியில் விழ ஒரு நல்ல காற்று போதும். 2017 நவம்பர் 30 அன்று ஓகி புயல் அடித்தபோது பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்டும் இல்லை, டவரும் இல்லை. அந்த மாதிரி எச்சரிக்கை இருக்கும் நாளில் மாற்று ஏற்பாடு எல்லாம் வேண்டாம், தேதியையே மாற்றிவிடுங்கள்.

"எல்லாம் சேர்ந்து நடக்கும்போது எப்படி இருக்கும் என்று ஒரு உதாரணம் சொல்லுங்கள் அக்கா."

குலசேகரம் பக்கம் ஒரு பெண், சென்னை கம்பெனியில் கணக்குப் பிரிவு வேலை, புதன் காலை 11 மணி, 40 நிமிட இன்டர்வியூ என்று வைத்துக்கொள்வோம். திங்கட்கிழமை மெயிலில் வரியைப் போடுகிறாள், நம்பர் அப்பாவின் பி.எஸ்.என்.எல். நம்பர், அவர்கள் வீட்டில் உள் அறையிலும் அதுதான் எடுக்கிறது. எச்.ஆர். பதிலில் "044 நம்பரிலிருந்து வரும்" என்கிறார், இன்வைட்டிலும் நம்பரைச் சேர்க்கிறார். செவ்வாய் இரவு அதே அறையில் மாமாவைக் கூப்பிடச் சொல்லிப் பேசிப் பார்க்கிறாள்.

புதன் 10.50க்கு அப்பா போன் முழுச் சார்ஜோடு மேசையில், வைஃபை அணைத்து. 11 மணிக்கு இணைந்து முகம் காட்டி, ஏற்பாட்டை ஒரு தடவை சொல்லி, சாட்டில் நம்பரைப் போடுகிறாள். 11.18க்கு எதிரில் இருப்பவர் முகம் உறைந்து நிற்கிறது. வீடியோவை அணைக்கிறாள், பலன் இல்லை. ரவுட்டரில் சிவப்பு விளக்கு, அதாவது ஃபைபரே போய்விட்டது, ரவுட்டரை அணைத்துப் போடுவதில் பிரயோசனம் இல்லை. தன் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு லிங்க்கைத் திறக்கிறாள், சுற்றிக்கொண்டே இருக்கிறது. 11.21க்கு அப்பா போன் அடிக்கிறது. எடுத்ததும் "ஹலோ, கேட்கிறதா, கேட்கிறதா" என்று கத்தாமல் பெயரைச் சொல்லி, "ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் பொருத்துவது பற்றிக் கேட்டீர்கள், அதில் பாதி சொல்லியிருந்தேன், அங்கிருந்து தொடரட்டுமா" என்கிறாள். லேப்டாப்பை மூடிவிடுகிறாள், இல்லாவிட்டால் நெட் திடீரென்று வந்து அவள் குரலே எதிரொலியாகத் திரும்பி வரும். 11.42க்குப் பேச்சு முடிகிறது.

இதில் அவளைத் தேர்ந்தெடுப்பார்களா என்பது வேறு விஷயம், ஜி.எஸ்.டி. பதிலைப் பொறுத்தது.

"கோடிங் இன்டர்வியூ, ஸ்க்ரீன் ஷேர் பண்ணிக் காட்டணும். போனில் எப்படி?"

முடியாது. அங்கே வரியை வேறு மாதிரி எழுதுங்கள்: "துண்டிக்கப்பட்டால் இந்த எண்ணுக்கு அழையுங்கள், கோடிங் பகுதியை அன்றே வேறு நேரத்தில் வைப்பதா என்று பேசிக்கொள்ளலாம்." போன் அங்கே இன்டர்வியூவைத் தொடர்வதற்கு அல்ல, ஒதுக்கிவைப்பதற்கு. சில நேரம் அவர்களே "எப்படி யோசிப்பீர்கள், வாயால் சொல்லுங்கள்" என்று தொடர்வதும் உண்டு. இந்த வகை இன்டர்வியூவுக்கு மட்டும், வீட்டு நெட்டை நம்பாமல் நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ நல்ல இணைப்பு உள்ள நண்பர் வீட்டில் போய் உட்காருவதே மேல் என்பேன்.

"முன்பின் தெரியாத கம்பெனிக்கு நம்பர் கொடுப்பது ஆபத்தில்லையா? வீட்டில் பயப்படுகிறார்கள்."

நம்பர் மட்டும் கொடுப்பதால் பெரிதாக ஒன்றும் ஆகாது, விண்ணப்பத்திலேயே கொடுத்திருப்பீர்கள். ஆனால் அந்த அழைப்பில் ஓ.டி.பி. கேட்டாலோ, ஆதார் படம் அனுப்பச் சொன்னாலோ, பதிவுக் கட்டணம் என்று ஒரு ரூபாய் கேட்டாலோ வைத்துவிடுங்கள். மாற்று அழைப்பு வர வேண்டியது நீங்கள் மீட்டிங்கில் இருந்து காணாமல் போன பிறகு மட்டும்தான். அதற்கு முந்தின நாளே "இன்டர்வியூ போனிலேயே முடிந்துவிட்டது, செலக்ட் ஆகிவிட்டீர்கள்" என்று அந்த நம்பருக்கு அழைப்பு வந்தால், எச்.ஆரின் மெயிலுக்கு எழுதிக் கேட்காமல் எதற்கும் சரி என்று சொல்லாதீர்கள்.

"நான் எச்.ஆர். பக்கம் இருப்பவன். வருகிறவர்கள் யாரும் இப்படி வரி எழுதுவதில்லை. நாங்களே போட்டுவிடலாமா?"

போடுங்கள், அதுதான் இன்னும் சுலபம். இன்வைட் மாதிரியிலேயே ஒரு வரி நிரந்தரமாக இருக்கட்டும்: "இணைப்பு துண்டிக்கப்பட்டால் 3 நிமிடத்துக்குப் பின் நாங்கள் உங்களை இந்த எண்ணிலிருந்து அழைப்போம். உங்கள் கையில் இருக்கும் போன் எண்ணைப் பதிலில் எழுதவும்." இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான், இன்டர்வியூ எடுப்பவரிடம் கூப்பிட ஒரு போன் உண்மையிலேயே இருக்க வேண்டும். தன் சொந்த நம்பர் வெளியே போவது பல மேனேஜர்களுக்குப் பிடிக்காது, அதனால் கூப்பிடாமலே விட்டுவிட்டு "வேட்பாளர் வரவில்லை" என்று குறித்துவிடுவார்கள். அவர்களுக்கு ஆபீஸ் நம்பர் ஒன்று கொடுங்கள், இல்லையென்றால் அந்த நேரத்தில் நீங்களே கூப்பிட்டு இருவரையும் கான்ஃபரன்ஸில் இணைத்துவிடுங்கள்.